லாக்கில் எடுத்தால் ஆச்சி முகம் கறுத்துப்போகிறது, வயல் கிளிப்பச்சை ஆகிறது. எங்கே தவறு?

கல்லிடைக்காரன் · ஞாயிறு, இரவு 9:40

எல்லோருக்கும் வணக்கம். ஊர் கல்லிடைக்குறிச்சி. இன்று காலை எட்டு மணி வாக்கில் எங்கள் வயலோரம் ஆச்சியை வைத்து நாலு நிமிடம் எடுத்தேன். பிசானப் பயிர் இப்போது முழங்கால் உயரம் நிற்கிறது, பின்னால் பொதிகை மலை. ஆச்சி வேப்பமரத்து நிழலில் சிமெண்ட் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார். அரக்குச் சிவப்புக் கண்டாங்கி, நெற்றியில் திருநீறு. அவருக்கு 84 வயது. இந்த வீடியோ எங்கள் வீட்டில் ரொம்ப நாள் இருக்க வேண்டும் என்றுதான் சிரமப்பட்டு, பிறகு நிறம் திருத்த வசதியாகப் படத்தை வெளுப்பாகப் பதியும் லாக் முறையில் எடுத்தேன்.

ஐபோன் 15 ப்ரோ, பிளாக்மேஜிக் கேமரா ஆப், ஆப்பிள் லாக், ப்ரோரெஸ், 4கே, நொடிக்கு 25 பிரேம். வானம் வெளுத்துவிடக் கூடாது என்று வானத்தைப் பார்த்து எக்ஸ்போஷர் வைத்தேன். கணினியில் நிறம் திருத்த டாவின்சி ரிசால்வ் இலவசப் பதிப்பு. லாக்கை இயல்பு நிறத்துக்குக் கொண்டுவர ஒரு லட், அதாவது ஆயத்த நிறமாற்றக் கோப்பு கிடைத்தது, அதைப் போட்டேன்.

போட்டதும் ஆச்சி முகம் கரிபோல ஆகிவிட்டது. பயிர் கிளிப்பச்சையாக மின்னுகிறது. சேலையில் மடிப்பே தெரியவில்லை, ஒரே சிவப்புத் திட்டு. சாதாரண வீடியோ எடுத்திருந்தால்கூட இதைவிட நன்றாக வந்திருக்கும். இனி என்ன செய்யலாம்?

கொடைவீடியோ · ஞாயிறு, இரவு 10:05

தம்பி, காரணம் ஒன்றுதான். லாக் என்றால் எப்போதும் 2 ஸ்டாப், அதாவது வெளிச்சத்தை நாலு மடங்கு கூட்டித்தான் எடுக்க வேண்டும். நான் பதினோரு வருடமாகக் கல்யாணமும் கோயில் கொடையும் எடுக்கிறேன். சோனியில் எஸ்-லாக் 3, கண்ணை மூடிக்கொண்டு 2 ஸ்டாப் மேலே வைப்பேன், பிறகு கணினியில் இறக்குவேன். நீ வானத்தைப் பார்த்து வைத்தாய், அதனால் முகம் பள்ளத்தில் விழுந்துவிட்டது. திரும்ப எடு, வேறு வழியில்லை.

புதுவெயில் · ஞாயிறு, இரவு 10:20

என் போனில் லாக் கிடையாது. ஆனால் எடிட்டிங் ஆப்பில் கான்ட்ராஸ்டையும் சாச்சுரேஷனையும் முழுக்கக் குறைத்தால் இதே மாதிரி வெளுத்த படம் வருகிறது. அதன்மேல் அந்த லட்டைப் போட்டால் சினிமா நிறம் வந்துவிடுமா? லட் இருக்கும் இடத்தைக் கொஞ்சம் சொல்லுங்களேன்.

செண்பகா · ஞாயிறு, இரவு 11:15

கல்லிடைக்காரன், திரும்ப எடுக்க அவசரப்பட வேண்டாம். நீங்கள் சொல்வதைப் பார்த்தால் எக்ஸ்போஷர் குறைவு மட்டும் காரணமில்லை. எக்ஸ்போஷர் மட்டும் குறைந்திருந்தால் முகமும் பயிரும் சேர்ந்தே மங்கியிருக்கும். உங்கள் படத்தில் இருட்டு மேலும் இருண்டு, நிறம் மேலும் தடித்திருக்கிறது. மாற்றம் இரண்டு தடவை நடந்தால் இப்படித்தான் வரும். லாக்கிலிருந்து இயல்பு நிறத்துக்கு ஒரு தடவை மாற்றிய படத்தை, இன்னும் லாக்கில்தான் இருக்கிறது என்று நினைத்து மறுபடி மாற்றியிருக்கிறீர்கள்.

மூன்று விஷயம் பார்த்துச் சொல்லுங்கள்.

முதலில், கேமரா ஆப்பில் படம் எடுக்கும்போது திரையில் நிறம் நன்றாகத் தெரிய ஒரு லட் போட்டுப் பார்த்தீர்களா? அதைக் கோப்பிலும் சேர்த்துப் பதிவு செய்யும் தேர்வு ஒன்று உண்டு. அது இயங்கியிருந்தால் கோப்பே மாறிப்போய்விட்டது என்று பொருள், திருப்பி எடுக்க முடியாது.

அடுத்து, ரிசால்வில் ப்ராஜெக்ட் அமைப்பைத் திறந்து `Color science` என்ற இடத்தில் என்ன இருக்கிறது என்று பாருங்கள்.

கடைசியாக, கலர் பக்கத்தில் எல்லாத் திருத்தத்தையும் லட்டையும் அணைத்துவிட்டு, படத்தின் பிரகாச அளவைக் காட்டும் வேவ்ஃபார்மைப் பாருங்கள். ஆப்பிள் லாக்கில் முழுக் கறுப்பு ஏறக்குறைய 15 சதவீதத்தில் நிற்கும். எல்லாம் அணைத்த பிறகும் கறுப்பு பூஜ்யத்தைத் தொட்டால், வேறெங்கோ மாற்றம் நடந்துகொண்டிருக்கிறது.

புதுவெயில், உங்கள் கேள்வி வேறு. சாதாரண வீடியோவில் போன் ஏற்கெனவே கான்ட்ராஸ்ட் ஏற்றி, கூர்மை கூட்டி, நாய்ஸ் துடைத்து, வானத்தின் வெளுத்த இடத்தை வெட்டி எறிந்துவிட்டுத்தான் உங்களிடம் தருகிறது. அதை வெளுக்க வைக்கலாம், வெட்டியது திரும்பாது. லாக்குக்கான லட் அந்தப் படத்துக்குப் பொருந்தாது.

கல்லிடைக்காரன் · திங்கள், காலை 6:50

அக்கா, பார்த்துவிட்டேன். கேமரா ஆப்பில் லட் போட்டுப் பார்த்தேன், ஆனால் கோப்பில் சேர்க்கும் தேர்வு அணைந்துதான் இருக்கிறது. ரிசால்வில் `DaVinci YRGB Color Managed` என்று இருக்கிறது. ஒரு பாடம் பார்த்துத்தான் அப்படி வைத்தேன், அதில் சொன்னபடி கிளிப்பின் உள்ளீட்டையும் ஆப்பிள் லாக் என்று குறித்தேன். லட் வேறொரு பாடத்தில் கிடைத்தது.

லட்டை அணைத்தாலும் படம் வெளுப்பாக வரவில்லை, ஓரளவு சாதாரணமாகவே தெரிகிறது. வேவ்ஃபார்மில் அடி 3, 4-ல் நிற்கிறது.

செண்பகா · திங்கள், காலை 7:30

சரி, பிடிபட்டது. நீங்கள் வைத்த அமைப்பில் ரிசால்வே லாக்கை மாற்றிவிடுகிறது. அதன்மேல் லட் இரண்டாவது முறை மாற்றுகிறது. இரண்டு பாடமும் தனித்தனியாகச் சரி, சேர்த்துச் செய்தால்தான் தப்பு.

இரண்டில் ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். எனக்குப் பிடித்தது கையால் செய்வது. எந்த இடத்தில் மாற்றம் நடக்கிறது என்று கண்ணால் பார்க்கலாம், அதற்கு முன்னும் பின்னும் வேலை செய்யலாம். `Color science` இடத்தில் வெறும் `DaVinci YRGB` என்று மாற்றுங்கள். படம் உடனே சாம்பல் பூத்தது போல வெளுக்கும். அதுதான் உண்மையான லாக். பிறகு திருத்தப் படிகளாக மூன்று நோட் வரிசையாகப் போடுங்கள். நடு நோட்டில் `Color Space Transform` வையுங்கள்:

```
Input Color Space:  Rec.2020
Input Gamma:        Apple Log
Output Color Space: Rec.709
Output Gamma:       Gamma 2.4
```

முதல் நோட்டில் வெளிச்சமும் ஒயிட் பேலன்ஸும். மூன்றாவதில் பயிர், சேலை போன்ற தனித் திருத்தம். அந்த லட் இனி வேண்டாம்.

வெளிச்சத்தை ஏன் நடு நோட்டுக்கு முன்னால் திருத்தச் சொல்கிறேன் என்றால், லாக்கில் ஒவ்வொரு ஸ்டாப்புக்கும் ஒரே அளவு இடம்தான். ஆப்பிள் லாக்கில் அது ஏறக்குறைய எட்டரை சதவீதம். `Offset` சக்கரத்தால் மொத்தப் படத்தையும் அவ்வளவு மேலே தள்ளினால், கேமராவிலேயே ஒரு ஸ்டாப் கூட்டி எடுத்தது போல இயல்பாக ஏறும். மாற்றிய பிறகு ஏற்றினால் வானம் முதலில் மேலே மோதும், முகத்து நிறம் பிசகும்.

முதல் நோட்டைத் தொடாமல் ஒரு பிரேம் எடுத்து இங்கே போடுங்கள். பக்கத்தில் வெள்ளைத் துணி, தாள் ஏதாவது இருந்தால் அதன் வேவ்ஃபார்ம் அளவையும் சொல்லுங்கள்.

தேரிமணல் · திங்கள், காலை 10:12

இடையில் வருவதற்கு மன்னிக்கவும். எனக்கும் இதே பிரச்சினைதான். நான் சாத்தான்குளம் பக்கம். தேரிக்காட்டில் லாக்கில் எடுத்தேன். செம்மண் ரத்தச் சிவப்பாக இருக்கும் இடம் அது. வீடியோவில் காய்ந்த களிமண் மாதிரி வருகிறது, அதுவும் சுற்றித் திருப்பும்போது நிறம் மாறிக்கொண்டே போகிறது. நானும் `Color science` மாற்றினேன், ஒரு மாற்றமும் இல்லை.

செண்பகா · திங்கள், காலை 10:40

தேரிமணல், உங்களுடையது வேறு பிரச்சினை. ஒயிட் பேலன்ஸைத் தானாக இயங்க விட்டிருக்கிறீர்கள். பிரேம் முழுக்கச் சிவப்பு மண் வந்தால், வெளிச்சம்தான் சிவப்பாக இருக்கிறது என்று கேமரா நினைத்து எதிர்ப்பக்கம் தள்ளுகிறது. வானமோ பனையோ உள்ளே வந்ததும் திரும்ப மாறுகிறது. சுற்றும்போது நிறம் ஓடுவது அதனால்தான்.

லாக் என்பது ரா கோப்பு கிடையாது. ஒயிட் பேலன்ஸ் கோப்பில் பதிந்துவிடுகிறது. ஓரளவு திருத்தலாம், ஆனால் நிறம் நகர்ந்துகொண்டே இருக்கும் ஷாட்டில் ஒரே திருத்தம் எல்லா இடத்துக்கும் பொருந்தாது. அங்கே கார் நிறுத்திய இடத்தில் தார்ச்சாலை தெரிகிற மாதிரி ஏதாவது எடுத்தீர்களா? பழைய தார் கிட்டத்தட்ட நிறமற்ற சாம்பல். அதில் மூன்று வண்ணமும் வேவ்ஃபார்மில் ஒரே உயரத்துக்கு வரும்படி `Offset` திருத்தி வையுங்கள். பிறகு மண் மட்டும் தெரியும் இடத்தில் கண்ணால் ஒப்பிட்டுச் சிவப்பைத் திரும்பக் கொடுத்துக்கொண்டே கீஃப்ரேம் வைக்க வேண்டும். அடுத்த முறை 5600 கெல்வினில் பூட்டிவிட்டு எடுங்கள், மண் தானாகச் சிவக்கும்.

கல்லிடைக்காரன் · திங்கள், இரவு 8:25

அக்கா சொன்ன மாதிரியே செய்தேன். படம் இணைத்திருக்கிறேன். பாதிப் பிரச்சினை அந்த ஒரு மாற்றத்திலேயே போய்விட்டது. பயிர் பயிராகத் தெரிகிறது, சேலையில் மடிப்பு வந்துவிட்டது. வானத்தில் மேகம் இருக்கிறது. முகம்தான் இன்னும் மங்கல், லேசாகப் பச்சை படிந்த மாதிரி.

ஆச்சிக்குப் பின்னால் அதே நிழலில் தாத்தாவின் வேட்டி கொடியில் காய்கிறது. மாற்றத்துக்கு முன்னால் பார்த்தால் வேட்டி 57 சதவீதத்தில் நிற்கிறது.

செண்பகா · திங்கள், இரவு 9:10

அருமை, வேட்டி நல்ல அளவுகோல். ஆப்பிள் லாக்கில் சரியான எக்ஸ்போஷரில் வெள்ளைத்தாள் 68 சதவீதத்தில் வரும், நடுச் சாம்பல் 49-ல். உங்கள் வேட்டி 57. பதினோரு சதவீதம் குறைவு, ஸ்டாப்புக்கு எட்டரை என்றால் ஏறக்குறைய ஒன்றேகால் ஸ்டாப். நிழலுக்கு உங்கள் எக்ஸ்போஷர் அவ்வளவு குறைந்திருக்கிறது.

ஆனால் முழுதாக ஏற்ற வேண்டாம். நிழலில் தொங்கும் வேட்டி வெயிலில் தொங்குவது போலத் தெரிந்தால் பார்க்கிறவருக்கு ஏதோ பொய்யாகப் படும். ஒரு ஸ்டாப், அதாவது முதல் நோட்டில் `Offset` எட்டரை சதவீதம் ஏற்றினால் போதும். ஏற்றியதும் கறுப்பும் 15-லிருந்து 23-க்குத் தூக்கிக்கொண்டு வரும், திண்ணைக்கு அடியில் புகைபோலத் தெரியும். லாக் வளைவு அடிப்பகுதியில் மட்டும் வேறு மாதிரி வளைவதால் வரும் சங்கடம் அது. மூன்றாவது நோட்டில் `Lift` கொஞ்சம் இறக்கினால் சரியாகிவிடும்.

நிறத்துக்கு வேட்டியை நம்ப வேண்டாம். வீட்டில் சொட்டு நீலம் போட்டு அலசுவீர்கள்தானே? கண்ணுக்கு வெள்ளை, கேமராவுக்கு நீலம். அதை வெள்ளையாக்கினால் ஆச்சி முகம் மஞ்சள் பூசியது போல ஆகிவிடும். வெளிச்சத்துக்கு வேட்டி, நிறத்துக்கு சிமெண்ட் திண்ணை. சிமெண்ட் லேசாக மஞ்சள் சாயும், அதனால் மூன்று வண்ணத்தையும் மிகச் சரியாகச் சமமாக்க வேண்டாம். பச்சையை மட்டும் இறக்கி, சிவப்பு ஒரு இழை மேலே நிற்கட்டும்.

கொடைவீடியோ · திங்கள், இரவு 9:45

செண்பகா சொல்வது சரி, இரட்டை மாற்றத்தை நான் கவனிக்கவில்லை. ஆனால் என் 2 ஸ்டாப் கணக்கை விட மாட்டேன். ஏற்றிய பிறகு சேலை நிழலில் நாய்ஸ் குதிக்கிறதா இல்லையா என்று தம்பியைப் பார்க்கச் சொல்லுங்கள்.

செண்பகா · திங்கள், இரவு 10:20

அண்ணாச்சி, திசை சரி, அளவுதான் எல்லாக் கேமராவுக்கும் ஒன்றில்லை.

உங்கள் பழைய கேமரா 8-பிட் என்றால் 2 ஸ்டாப் கூட்டியது நியாயம். எஸ்-லாக் 3-ல் ஒரு ஸ்டாப்புக்கு 10-பிட்டில் 79 படி கிடைக்கும், 8-பிட்டில் இருபதுதான். இருட்டுப் பக்கம் அதைவிடக் குறைவு. அங்கே விழுந்த முகத்தை இழுத்தால் நாய்ஸும் திட்டும் சேர்ந்து வரும். தெளிந்த வானத்தில் பட்டை பட்டையாகத் தெரிவதும் அதனால்தான்.

போனில் ஆப்பிள் லாக் 10-பிட். நடுச் சாம்பலுக்கு மேலே அந்த வளைவில் 6 ஸ்டாப் இடம், சென்சார் அதற்கு முன்பே நிரம்பிவிடலாம். 2 ஸ்டாப் கூட்டினால் மேலே 4 கூட மிஞ்சாது. நிழலில் ஆச்சி, பின்னால் வெயில் பட்ட மேகம் என்றால் மேகம் போய்விடும். ஒரு ஸ்டாப் கூட்டுவேன், அதுவும் மேகம் வெட்டுப்படாமல் இருந்தால் மட்டும்.

இன்னொன்று, கூட்டுவது வெளிச்சத்தால் இருக்க வேண்டும். ஐஎஸ்ஓவை ஏற்றி வேவ்ஃபார்மைத் தூக்கினால் சென்சாருக்கு ஒரு துளி வெளிச்சம்கூடக் கூடவில்லை.

கொடைவீடியோ · திங்கள், இரவு 10:50

அதில் சண்டையில்லை. ஆனால் போனில் வெளிச்சம் எப்படிக் கூட்டுவது? துளை மாறாது, ஷட்டர் 1/50-ல் பூட்டியிருக்கும். நான் இப்போது வைத்திருப்பது எஃப்எக்ஸ் 30. அதில் 800, 2500 என்று இரண்டு ஆதார ஐஎஸ்ஓ. கொடை ராத்திரி 2500-க்குப் போய்விடுவேன், அப்போதுகூட வரிசையாகக் கட்டின நீல சீரியல் லைட் அருள் வந்து ஆடுகிறவர் முகத்தில் விழுந்தால் என்ன கிரேட் செய்தாலும் முகம் நீலக் கட்டியாகத்தான் இருக்கிறது.

செண்பகா · திங்கள், இரவு 11:20

அந்த நீலத்தைக் கிரேடால் மீட்க முடியாது, அண்ணாச்சி. அங்கே நீல சேனல் மட்டும் நிரம்பி வழிந்து, சிவப்பும் பச்சையும் கிட்டத்தட்ட ஒன்றுமில்லாமல் இருக்கும். மீட்க அங்கே தகவலே இல்லை. ஒரு டியூப்லைட்டை முகத்துப் பக்கம் திருப்பச் சொல்வதுதான் வழி. ராத்திரி கொடையைப் போனில் எடுக்கிறவர்களுக்கு நான் லாக்கே வேண்டாம் என்பேன்.

பகலில் போனுக்கு வெளிச்சத்தைக் குறைக்கும் என்.டி. பில்டர்தான். 15 ப்ரோவின் முதன்மை லென்ஸ் துளை f/1.78. நல்ல வெயிலில் ஐஎஸ்ஓ 50, ஷட்டர் 1/50 என்றால் f/16 வேண்டும். வித்தியாசம் ஆறு ஸ்டாப்புக்கு மேல். ஆக என்.டி. 64. ஆச்சி உட்கார்ந்த நிழலுக்கு அவ்வளவு வேண்டாம், மூன்று நாலு ஸ்டாப் போதும். அதில் ஒரு ஸ்டாப் மெலிதானதை மாட்டினால் அந்த ஒரு ஸ்டாப் வெளிச்சம் உண்மையாகவே கூடிவிடும். 1/50 வைத்திருப்பதற்கு இன்னொரு லாபம், நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் டியூப்லைட் துடிக்காது.

மஞ்சள்வெயில் · செவ்வாய், காலை 7:05

இரண்டு நாளாக வாசிக்கிறேன். ஒரு விஷயம் எனக்கு ஒப்பவில்லை. வேப்பமரத்துக்குக் கீழே உட்கார்ந்தால் முகத்தில் இலைப்பச்சை விழத்தான் செய்யும். முன்னால் ஏக்கர் கணக்கில் பச்சைப் பயிர், அதிலிருந்தும் வெளிச்சம் ஏறும். அந்தப் பச்சையைத் துடைத்துவிட்டு இயற்கை நிறம் என்று சொல்வது எப்படி? நான் அம்பாசமுத்திரத்துக்காரன், அந்த நிழலில் உட்கார்ந்து வளர்ந்தவன். ஸ்டுடியோவில் உட்கார்ந்த ஆச்சி எனக்கு வேண்டாம்.

செண்பகா · செவ்வாய், காலை 8:00

நல்ல கேள்வி, இதைப் பற்றி நானும் நிறைய யோசித்திருக்கிறேன். நேரில் உட்கார்ந்திருக்கும்போது நம் கண் அந்தப் பச்சைக்குப் பழகிக்கொள்கிறது, ஆச்சி முகம் ஆச்சி முகமாகவே தெரிகிறது. அதையே அறைக்குள் ஒரு திரையில் பார்க்கும்போது கண்ணைப் பழக்க மரம் இல்லை, அதனால் பச்சை இரண்டு பங்காகத் தெரியும். முழுதாக விட்டால் முகம் நோய்ப்பட்டது போல இருக்கும். நான் முக்கால் பங்கு எடுத்துவிட்டுக் கால் பங்கு விடுவேன்.

மஞ்சள்வெயில் · செவ்வாய், காலை 8:20

நான் பாதி விடுவேன்.

கல்லிடைக்காரன் · செவ்வாய், இரவு 9:30

நான் இரண்டு பேர் அளவையும் தனித்தனியாகச் செய்து பார்த்தேன். இரண்டும் இணைப்பில் இருக்கிறது. கொடை அண்ணாச்சி சொன்னது உண்மை, ஒரு ஸ்டாப் ஏற்றியதும் சேலையின் இருட்டு மடிப்புகளில் நாய்ஸ் துள்ளுகிறது. கைப்பேசியில் தெரியவில்லை, டிவியில் தெரிகிறது.

இன்னொன்றும் கண்டுபிடித்தேன். ஷாட் பயிரில் தொடங்கி ஆச்சி பக்கம் திரும்புகிறது. திரும்பி மூன்று நொடிக்குள் முகத்தின் நிறம் மெல்ல மாறுகிறது. நானும் ஒயிட் பேலன்ஸைப் பூட்டவில்லை. தேரிமணல் செய்த தப்பைத்தான் நானும் செய்திருக்கிறேன். அந்த மூன்று நொடிக்குக் கீஃப்ரேம் வைத்துவிட்டேன்.

ஒரு சந்தேகம். வீட்டில் சித்தப்பா முகத்தை இன்னும் வெளுக்கச் சொல்கிறார். ஆச்சி நல்ல கறுப்பு. எவ்வளவு ஏற்றலாம்?

செண்பகா · செவ்வாய், இரவு 10:15

வெளுக்க வேண்டாம். தயவுசெய்து வெளுக்க வேண்டாம். இதை நான் சென்னையில் வேலை செய்த காலத்திலிருந்து சொல்லிச் சொல்லிச் சண்டை போட்டிருக்கிறேன். வெக்டர்ஸ்கோப்பில் தோல் நிறத்துக்கு ஒரு கோடு இருக்கிறது பாருங்கள். கறுத்தவர், மாநிறம், சிவந்தவர் எல்லோர் தோலும் ஏறக்குறைய அந்தக் கோட்டை ஒட்டித்தான் விழும். வேறுபடுவது வெளிச்சத்தின் அளவு. அந்தக் கோட்டை ஆச்சி முகம் ஒட்டி நிற்கிறதா என்று மட்டும் பாருங்கள். பச்சைப் பக்கம் சாய்ந்தால் முதல் நோட்டுக்குப் போங்கள்.

அளவுக்கு, மாற்றம் முடிந்த படத்தில் வெளிச்சம் விழும் பக்கத்து நெற்றி, திருநீறு இல்லாத இடத்தில், 40-லிருந்து 45 சதவீதம் இருந்தால் ஆச்சியின் நிறத்துக்கும் நிழலுக்கும் பொருந்தும். அதை 65-க்கு ஏற்றினால் சுருக்கமெல்லாம் அழிந்து சாம்பல் பூசிய முகமாகிவிடும். கண்ணில் ஒளி இருக்கிறதா, கன்னத்துக் கோடு தெரிகிறதா, அது போதும்.

நாய்ஸுக்கு இந்தக் கிளிப்பில் பெரிதாக வழி இல்லை. சேலையின் இருட்டு மடிப்புகளை மட்டும் தேர்ந்து கொஞ்சம் இறக்கினால் மறையும், மடிப்பு விவரத்தில் சிறிது போகும்.

தேரிமணல் · புதன், காலை 6:40

அக்கா, தார்ச்சாலை பிரேமில் திருத்தினேன். முதல் நாற்பது நொடி மண் அசல் மண்ணாக வந்துவிட்டது, பார்த்ததும் சந்தோஷமாக இருந்தது. பிறகு உடைமரக் கூட்டம் பிரேமில் வந்ததும் மண் குங்குமம் மாதிரி ஆகிறது. அதற்கு மேல் ஒவ்வொரு நொடிக்கும் கீஃப்ரேம் வைக்க முடியவில்லை. அந்தப் பகுதியை வெட்டிவிட்டு, ஞாயிறு திரும்பப் போய் 5600-ல் பூட்டி எடுக்கப் போகிறேன்.

கல்லிடைக்காரன் · புதன், இரவு 9:05

இன்று ஆச்சியை டிவி முன்னால் உட்கார வைத்து இரண்டையும் காட்டினேன். முகத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. "இது என் சேலை இல்லையே, இவ்வளவு சிவப்பாவா இருக்கு?" என்று கேட்டார். உள்ளே போய் அதே கண்டாங்கியை எடுத்து வந்து டிவி பக்கத்தில் பிடித்தார். உண்மைதான். அசல் சேலை அரக்கு, கொஞ்சம் காவி கலந்த மாதிரி. டிவியில் பளிச்சென்ற குங்குமச் சிவப்பு. இது எதனால்?

செண்பகா · புதன், இரவு 9:50

முதலில், சேலையை எந்த வெளிச்சத்தில் பிடித்தார்? டியூப்லைட் வெளிச்சத்தில் அரக்கு இன்னும் மங்கித் தெரியும், அந்த ஒப்பீட்டை வைத்துத் திருத்தினால் தப்பாகிவிடும். நாளை காலை ஜன்னலோரம், வெயில் நேராகப் படாத இடத்தில் சேலையை விரித்து வையுங்கள். டிவியிலும் பளிச்சென்று காட்டும் படமுறையை மாற்றி, சினிமா முறை மாதிரி அடக்கமானதை வையுங்கள்.

அதன்பிறகும் சிவப்பு கூடுதலாக இருந்தால், மூன்றாவது நோட்டில் சேலையின் சிவப்பை மட்டும் தேர்ந்து சாச்சுரேஷனைப் பத்துப் பதினைந்து குறையுங்கள். சிவப்பை மஞ்சள் பக்கம் ஒரு முடி அளவு திருப்பினால் காவி வரும். தேர்வு ஆச்சியின் உதட்டையும் பிடிக்கும், அதை ஒரு வட்டம் போட்டு விலக்கிக்கொள்ளுங்கள்.

கல்லிடைக்காரன் · வியாழன், காலை 8:10

ஜன்னலோரம் வைத்துப் பார்த்தேன். சாச்சுரேஷன் பன்னிரண்டு குறைத்ததும் இரண்டும் ஒத்துப்போகிறது. ஆச்சி கையை நீட்டித் திரையையும் துணியையும் மாற்றி மாற்றித் தொட்டுப் பார்த்தார். உதட்டுக்கு வட்டம் போட்டதில் தலை திரும்பும்போது வட்டம் பின்தங்குகிறது, அதை இன்று ராத்திரி டிராக் செய்ய வேண்டும்.